இரவு முழுக்க சார்ஜில் கிடக்கும் போன்: 80இல் நிற்பது பழுதா, பாதுகாப்பா?

இரவு 10.30க்கு 30 சதவீதத்தோடு 20 வாட் சார்ஜரில் மாட்டிய போன், நள்ளிரவை ஒட்டி 100ஐத் தொட்டுவிடும். காலை 5.30க்கு நீங்கள் அதைக் கையில் எடுக்கிறீர்கள். இடையில் ஐந்தரை மணி நேரம் அது நிறைந்த நிலையிலேயே கிடந்திருக்கிறது. மாதத்துக்கு 30 இரவு என்று வைத்தால் 165 மணி நேரம், கிட்டத்தட்ட ஏழு முழு நாள். பேட்டரியின் ஆயுள் கரைவதில் இந்த நேரத்துக்கும் பங்கு உண்டு.

'ஓவர்சார்ஜ் ஆகிறது' என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. 100 வந்ததும் போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும், கொஞ்சம் இறங்கியதும் மறுபடி தொட்டு நிரப்பும். அளவுக்கு மீறி எதுவும் ஏறுவதில்லை. சிக்கல் உச்சியிலேயே உட்கார்ந்திருப்பதில்தான். இன்றைய போன் பேட்டரி முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் 4.4 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 80 சதவீதத்தில் அது ஏறத்தாழ 4.1, 4.2க்கு இறங்கிவிடும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் உச்ச மின்னழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் மின்முனைகளோடு சேர்ந்து மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கிறது. சிதைந்தது மின்முனைமேல் படலமாகப் படிகிறது, அந்தப் படலத்துக்குள் கொஞ்சம் லித்தியம் மாட்டிக்கொண்டு திரும்பி வருவதே இல்லை. அப்படி மாட்டிக்கொண்ட லித்தியம்தான் நீங்கள் இழந்த கொள்ளளவு. சூடு சேர்ந்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

இதைத் தடுக்கப் போனில் இரண்டு வகை அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று வரம்பு: 80 என்று வைத்தால் 80இல் நின்றுவிடும், அவ்வளவுதான். இன்னொன்று தகவமைவு: இரவு முழுக்க 80இல் நிறுத்திவைத்து, நீங்கள் எழுவதற்குச் சற்று முன்னால் மீதியை ஏற்றி 100 ஆக்கித் தரும். முதலாவது எதையும் ஊகிப்பதில்லை. இரண்டாவது நீங்கள் எப்போது எழுவீர்கள் என்று ஊகித்தாக வேண்டும். கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஊகம் தவறுவதால் வருபவை.

அறிகுறி: 80இல் நின்றுவிட்டது, ஏறவே இல்லை

சார்ஜரையோ கேபிளையோ மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று இரவு தொடர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு முறையும் அதே எண்ணில் நிற்கிறதா, அல்லது ஒரு நாள் 74, ஒரு நாள் 88, ஒரு நாள் 81 என்று மாறுகிறதா? எப்போதும் 80இலேயே நின்றால் அது அமைப்பின் வேலை. எண் மாறிக்கொண்டே இருந்தால் சூடு அல்லது கேபிள்.

எண் மாறவில்லை என்றால் பூட்டுத்திரையைப் பாருங்கள். ஐபோனில் தகவமைவு நிறுத்திவைத்திருந்தால், எத்தனை மணிக்கு முழுதாக ஏறும் என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அன்றைக்கு மட்டும் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து Charge Now என்பதைத் தொட்டால் போதும். அமைப்பு அப்படியே இருக்கும், மறுநாள் பழையபடி வேலை செய்யும். பலர் இந்த இடத்தில்தான் அமைப்பையே அணைத்துவிடுகிறார்கள், பிறகு திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள்.

அறிவிப்பு எதுவும் இல்லை என்றால் வரம்பு போட்டிருக்கிறது என்று பொருள். பார்க்க வேண்டிய இடம் போனுக்குப் போன் வேறு. ஐபோன் 15இலிருந்து Settings > Battery பகுதிக்குள் சார்ஜ் பற்றிய பக்கம் இருக்கிறது. ஐஓஎஸ் 17இல் 80 மட்டும்தான் தேர்வு. ஐஓஎஸ் 18இலிருந்து 80, 85, 90, 95, 100 என்று ஐந்து படிகள் உண்டு. ஐபோன் 14க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் இந்த வரம்பு கிடையாது, தகவமைவு மட்டுமே. அதன் பெயர் Optimised Battery Charging, 2019இல் ஐஓஎஸ் 13இல் வந்தது. பிக்சலில் பேட்டரி அமைப்புக்குள் Charging optimization என்ற இடத்தில் Adaptive Charging, Limit to 80% என்ற இரண்டும் அருகருகே இருக்கும். சாம்சங்கில் Battery protection. 2024இல் வந்த சாம்சங் மென்பொருளான ஒன் யூஐ 6.1இல் அதற்கு மூன்று நிலைகள்: Basic என்றால் 100 வரை ஏற்றிவிட்டு 95க்கு இறங்கும்வரை காத்திருக்கும், Adaptive என்றால் தூங்கும்போது 80இல் நிறுத்தும், Maximum என்றால் எப்போதும் 80தான். சாம்சங் வைத்திருப்பவர்கள் Basic போட்டுவிட்டு 'பாதுகாப்பு போட்டிருக்கிறேனே' என்று இருந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் போன் இரவு முழுக்க 95க்கும் 100க்கும் நடுவில்தான் கிடக்கும். இரவில் மாட்டுகிறவருக்கு அது கொடுக்கும் பயன் மிகக் குறைவு.

இனி எண் மாறுகிறவர்களுக்கு. முதலில் சூடு. ஐபோனாக இருந்தால் Charging On Hold என்று திரையிலேயே சொல்லிவிடும். போன் ஆறினதும் தானே தொடரும். ஆண்ட்ராய்டில் சில போன்கள் சொல்லும், சில சொல்லாமல் ஏற்றத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும். சொல்லாத போனில் உண்மையைத் தெரிந்துகொள்ள, கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவி இருந்தால் ஒரு வரி போதும்:

```
adb shell dumpsys battery
```

இதை யூஎஸ்பி கேபிளில் செய்தால் போன் சுவர் சார்ஜரில் இல்லாமல் கணினியிலிருந்து கரண்ட் எடுக்கும், அளவு தப்பாக வரும். ஆண்ட்ராய்டு 11இலிருந்து Developer options உள்ளே Wireless debugging இருக்கிறது. போனைச் சுவர் சார்ஜரில் வைத்துக்கொண்டே வைஃபை வழியாக இணைத்துப் பாருங்கள். வருகிற வரிகளில் நமக்கு வேண்டியவை இவை:

```
  status: 4
  level: 80
  voltage: 4152
  temperature: 331
```

temperature என்பது பத்தில் ஒரு பங்கு டிகிரிக் கணக்கு. 331 என்றால் 33.1 டிகிரி செல்சியஸ். voltage மில்லிவோல்ட்டில், அதாவது 4.152 வோல்ட். status 2 என்றால் ஏறுகிறது, 3 என்றால் இறங்குகிறது, 4 என்றால் சார்ஜர் இருந்தும் ஏறவில்லை, 5 என்றால் நிறைந்துவிட்டது. சில போன்கள் வரம்பில் பிடித்துவைத்திருக்கும்போதும் 2 என்றே காட்டும். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல், கால் மணி நேரம் கழித்து level நகர்ந்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் சூடு 33 டிகிரிதான், அளவு 80, ஏறவில்லை. இது வரம்பு பிடித்துவைத்திருக்கும் ஆரோக்கியமான பேட்டரி. இதே இடத்தில் level 74, temperature 448 என்று வந்தால் கதை வேறு. பேட்டரி 45 டிகிரியைத் தொடும் தறுவாயில் இருக்கிறது, பெரும்பாலான போன்கள் அந்தப் பக்கத்தில் ஏற்றத்தைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். சித்திரை வைகாசியில் மாடி வீட்டு அறை இரவிலும் 32 டிகிரி இருக்கும். அதில் தடித்த பேக் கவரோடு, மெத்தைமேல், தலையணைக்குப் பக்கத்தில், வயர்லெஸ் சார்ஜரில் வைத்த போன் இந்த எண்ணை எளிதாக எட்டும். செய்ய வேண்டியது: கவரைக் கழற்றி, மரப்பலகை அல்லது தரைமேல் வைத்து, கேபிள் வழியாகவே ஏற்றுங்கள். மின்விசிறிக் காற்று படும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்து ஆற வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கட்டும்.

சூடும் இல்லை, அமைப்பும் இல்லை என்றால் மட்டுமே கேபிள். போன் பக்கத்துத் துளையில் சட்டைப்பைத் தூசி அடைத்திருந்தால் கேபிள் முழுதாக உட்காராது. போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

அறிகுறி: தகவமைவு போட்டிருக்கிறேன், ஆனாலும் நள்ளிரவிலேயே 100 ஆகிவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அமைப்பைப் போட்டவுடன் அது வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று நினைக்கிறோம். அது முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு தெளிவானது: பழக்கத்தைக் கற்க குறைந்தது 14 நாள் வேண்டும், ஒரே இடத்தில் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்த சார்ஜ் குறைந்தது ஒன்பது முறை நடந்திருக்க வேண்டும். 'ஒரே இடத்தில்' என்பதுதான் பலரை வீழ்த்துகிறது. போன் தான் எங்கே இருக்கிறது என்று அறிந்தாக வேண்டும். லொகேஷனை மொத்தமாக அணைத்துவைத்திருப்பவர்களுக்கு இது ஒருநாளும் வேலை செய்யாது. Settings > Privacy & Security > Location Services உள்ளே கடைசியில் System Services என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் System Customisation, Significant Locations & Routes இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். பழைய பதிப்புகளில் இரண்டாவதன் பெயர் Significant Locations மட்டும். பேட்டரி தீர்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதை அணைத்துவைத்தவர்கள், பேட்டரியைக் காக்கும் வசதியையும் சேர்த்தே அணைத்துவிட்டார்கள்.

பிக்சலில் இது 2020 டிசம்பரில் வந்தபோது, இரவு 9 மணிக்கு மேல் மாட்டி, காலைக்கு அலாரமும் வைத்திருந்தால் மட்டுமே வேலை செய்தது. பிறகு வந்த பதிப்புகள் உங்கள் சார்ஜ் பழக்கத்தையும் பார்க்கின்றன. ஆனாலும் அலாரம் ஒரு வலுவான சைகை. அலாரம் வைக்காமல் தூங்குகிறவர் இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் வாழ்க்கைதான் ஒழுங்கில் இல்லை. அதில் தவறு எதுவும் இல்லை. அந்தக் கருவி உங்களுக்கானது இல்லை, அவ்வளவே. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மில்லிலோ மருத்துவமனையிலோ ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்யும் ஒருவர். முதல் வாரம் பகல் ஷிஃப்ட்: இரவு 10க்கு மாட்டி காலை 5க்கு எடுக்கிறார். அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட்: காலை 8க்கு மாட்டி மதியம் 3க்கு எடுக்கிறார். வாரத்துக்கு ஆறு சார்ஜ் என்றால் பகல் ஷிஃப்ட் பழக்கம் ஒன்பதை எட்டுவதற்குள் நேரம் தலைகீழாகிவிடுகிறது. 14 நாளில் போன் பார்த்தது ஆறு இரவு, ஆறு பகல். எந்த மணிக்கு எழுவார் என்று அது உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி இல்லாதபோது போன் 100 வரை ஏற்றிவிடுவதையே தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் பாதி பேட்டரியோடு உங்களை அனுப்புவது அதைவிட மோசம். இவருக்குத் தீர்வு வரம்பு. அது மணி பார்ப்பதில்லை.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இன்னொரு காரணம் சேரும். நள்ளிரவு 1 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை கரண்ட் போய் வந்தால், ஏழு மணி நேர சார்ஜ் இரண்டரை, மூன்று, ஒன்றரை என்று துண்டாகிவிடுகிறது. ஐந்து மணி நேரத் தொடர்ச்சி எதிலும் இல்லை. இன்வெர்ட்டர் லைனில் உள்ள ப்ளக் பாயிண்டுக்குப் போனை மாற்றினால் இது தீரலாம். இல்லையென்றால் இங்கும் வரம்புதான்.

அறிகுறி: காலையில் எடுத்துப் பார்த்தால் 80தான் இருக்கிறது, 100 ஆகவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம். போன் ஊகித்த மணிக்கு முன்னாலேயே நீங்கள் எழுந்துவிட்டீர்கள். விடியற்காலை ரயிலைப் பிடிக்க 3.30க்கு எழுந்தவருக்கு, வழக்கமான 5.30ஐ எதிர்பார்த்துக்கொண்டிருந்த போன் 80ஐத்தான் கொடுக்கும்.

அவசரத்தில் சார்ஜரை மறுபடி குத்தி 'பதினைந்து நிமிஷத்தில் ஏறிவிடும்' என்று நினைப்பதிலும் ஏமாற்றம் உண்டு. 80க்கு மேல் போன் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றும். மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டபிறகு அதை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்ட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும். 30இலிருந்து 80க்குப் போக எடுத்த நேரத்தில் பெரும்பகுதி கடைசி 20க்கே தேவைப்படலாம். தகவமைவு எழும் நேரத்துக்கு வெகு முன்பே மீதியை ஏற்றத் தொடங்குவதும் இதனால்தான்.

முந்தைய இரவே தெரிந்திருந்தால், ஐபோனில் பூட்டுத்திரை அறிவிப்பிலிருந்து Charge Now கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். பிக்சலிலும் அறிவிப்பிலிருந்து அந்த ஓர் இரவுக்கு மட்டும் நிறுத்த முடியும். அறிவிப்பு கண்ணில் படவில்லை என்றால் ஐபோனில் Optimised Battery Charging சுவிட்சை அணைக்கும்போது நாளை வரை மட்டும் அணைக்கவா என்று கேட்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். நாளை தானே திரும்ப வந்துவிடும்.

அலாரத்தை நடு இரவில் மாற்றினாலோ, முந்தைய நாள் விடுமுறை என்று அணைத்துவைத்ததை மறுபடி போட மறந்தாலோ இதே விளைவு வரும். வாரத்தில் ஒரு நாள் இப்படி ஆனால் விட்டுவிடலாம். வாரத்தில் மூன்று நாள் ஆனால் தகவமைவை விட்டு வரம்புக்கு மாறுவதே என் பரிந்துரை. காலையில் எவ்வளவு இருக்கும் என்பது அதில் உறுதியாகத் தெரியும்.

எந்த வரம்பு என்று கேட்டால் 80 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். ஒரு வாரம் 100 வரையே ஏற்றிப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் இரவும் சார்ஜரில் மாட்டும்முன் எத்தனை மீதி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏழு எண்களில் மிகச் சிறியதை எடுங்கள். அது 45 என்றால், 80 வரம்பு போட்டாலும் மோசமான நாளில் 25 மிஞ்சும், தாராளமாகப் போடலாம். மிகச் சிறியது 28 என்றால் 80 போட்டால் 8தான் மிஞ்சும், அது உங்களைச் சாயங்காலம் பவர்பேங்க் தேட வைக்கும். அப்படிப்பட்டவருக்கு 90 சரி. 90இலும் பலன் உண்டு, ஏனென்றால் சிதைவு மிக வேகமாக நடப்பது மின்னழுத்தம் உச்சத்தை ஒட்டி இருக்கும் கடைசிப் பத்து சதவீதத்தில்தான். பிக்சலில் 90 கிடையாது, 80 மட்டும். அங்கே உங்கள் கணக்கு 28 என்று வந்தால் தகவமைவையே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 80 வரம்பு போட்டிருக்கிறேன், ஆனால் இன்று 100 காட்டுகிறது

பழுது இல்லை. ஐபோனும் பிக்சலும் எப்போதாவது ஒருமுறை வேண்டுமென்றே 100 வரை ஏற்றிக்கொள்கின்றன. காரணம், பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று போன் நேரடியாக அளக்க முடியாது. உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதத்தைச் சொல்கிறது. ஒவ்வொரு நாளும் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும். முழுதாக நிரம்பிய நிலை ஒன்றுதான் ஐயமில்லாமல் தெரியும் குறி, அதைத் தொட்டுத்தான் கணக்கைச் சரி செய்துகொள்ளும். மாதத்தில் ஓரிரு தடவை நடந்தால் அப்படியே விடுங்கள். ஒவ்வோர் இரவும் 100 ஆனால் வரம்பு உண்மையில் போடப்படவில்லை. மென்பொருள் புதுப்பித்தபிறகு அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி: 80இல் நின்ற போன் சார்ஜரிலேயே இருந்தும் காலையில் 77 காட்டுகிறதே? 80ஐத் தொட்டதும் ஐபோன் ஏற்றத்தை நிறுத்திவிடும். 75க்கு இறங்கினால்தான் மறுபடி தொடங்கும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிராமல் இப்படி விடுவதுதான் பேட்டரிக்கு நல்லது.

வரம்பு போட்டு மாதக்கணக்கில் ஓடியபின், 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்தால், கணக்கு நழுவியிருக்கலாம். ஒரு நாள் மட்டும் வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றி, இன்னும் ஒரு மணி நேரம் சார்ஜரில் விட்டு, பிறகு வழக்கம்போலப் பயன்படுத்தி 10க்குக் கீழ் இறங்க விடுங்கள். அணையும் வரை ஓட்ட வேண்டியதில்லை. மறுநாள் வரம்பைத் திரும்பப் போடுங்கள். இதற்கப்புறமும் 30, 40 சதவீதத்தில் அணைகிறது என்றால் அது கணக்குப் பிழை இல்லை, பேட்டரி தேய்ந்துவிட்டது. அமைப்புகளால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: வரம்பு போட்டும் பேட்டரி ஆரோக்கியம் குறைந்துகொண்டேதான் போகிறது

குறையும். வரம்பு தேய்மானத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. ஏன் என்று புரிந்துகொள்ள இரண்டு தேய்மானங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று சும்மா கிடந்தாலே நடப்பது. அது மின்னழுத்தத்தையும் சூட்டையும் பொறுத்தது. வரம்பும் தகவமைவும் தொடுவது இதைத்தான். இன்னொன்று பயன்படுத்துவதால் நடப்பது, அதைச் சுழற்சிகளில் எண்ணுவார்கள். ஒரு சுழற்சி என்பது மொத்தமாக 100 சதவீதம் செலவழித்தது. இன்று 60, நாளை 40 செலவானால் இரண்டு நாளில் ஒரு சுழற்சி. 80இலிருந்து 20க்கு இறக்கினாலும் 100இலிருந்து 40க்கு இறக்கினாலும் செலவு 60தான். வரம்பு போட்டதால் சுழற்சி எண்ணிக்கை குறையாது.

ஆப்பிள் ஐபோன் 15 வரிசைக்கு உகந்த சூழலில் 1000 சுழற்சியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்ததாகச் சொல்கிறது. ஐபோன் 14க்கும் முந்தியவற்றுக்கும் அது 500. நாளுக்கு 60 சதவீதம் செலவழிப்பவர் 500 சுழற்சியை எட்ட 833 நாள் ஆகும், இரண்டேகால் ஆண்டுக்குச் சற்று மேல். 1000த்துக்கு நாலரை ஆண்டு. நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பார்க்க ஐபோன் 15இலிருந்து சுழற்சி எண்ணிக்கை பேட்டரி ஆரோக்கியப் பக்கத்திலேயே இருக்கிறது. புதிய பிக்சல்களில் About phone உள்ளே Battery information பக்கத்தில் பார்க்கலாம்.

இனி உங்கள் எண்ணைப் படியுங்கள். ஐபோன் 15, 450 சுழற்சி, ஆரோக்கியம் 91 என்றால் வழக்கமான தேய்மானமே, வரம்பு தன் வேலையைச் செய்கிறது. அதே போன், 180 சுழற்சி, ஆரோக்கியம் 88 என்றால் பயன்பாடு காரணம் இல்லை. சூடு அல்லது உச்சியில் கிடந்த நேரம் காரணம். பைக்கில் மேப் போட்டுக்கொண்டு வெயிலில் சார்ஜ் ஏற்றுவது, காரின் டேஷ்போர்டில் விடுவது, சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுவது, இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். இரவில் 80 வரம்பு போட்டுவிட்டுப் பகலில் 43 டிகிரியில் ஏற்றினால், இரவில் சேமித்ததைப் பகலில் செலவழிக்கிறீர்கள்.

பிக்சல் 9a வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. அதில் Battery Health Assistance என்ற ஏற்பாடு 200 சுழற்சியிலிருந்து 1000 சுழற்சி வரை பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும். அதை அணைக்க முடியாது. ஒரு கட்டத்தில் 100 காட்டினாலும் முன்புபோல நீடிக்கவில்லையே என்று தோன்றினால் இது ஒரு காரணமாக இருக்கலாம். பழுது என்று கடைக்கு எடுத்துப்போவதற்கு முன் சுழற்சி எண்ணைப் பாருங்கள்.

போனில் இந்த அமைப்பே இல்லை என்றால்

குறைந்த வாட் சார்ஜர் போட்டால் போதும் என்பது பரவலான யோசனை. கணக்கு அதை ஆதரிக்கவில்லை. 4000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 15 வாட்-மணி கொள்ளும். 30இலிருந்து 100க்குத் தேவை 11 வாட்-மணிக்குள். பழைய 5 வாட் சார்ஜரில் இழப்பு போக 4 வாட் சொச்சம் உள்ளே போனாலும் மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். 10.30க்கு மாட்டினால் 1.30க்கு 100, அதற்குப்பின் நான்கு மணி நேரம் உச்சியில்தான். சூடு குறையும், அந்த ஒரு நன்மை உண்டு. உச்சியில் கிடக்கும் நேரம் ஒன்றரை மணிதான் குறையும்.

அதைவிட நல்லது டைமர் வைத்த ப்ளக். உங்கள் போன் 30இலிருந்து 80க்குப் போக எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 5 வாட் சார்ஜரில் 4000 பேட்டரிக்கு அது ஒன்றே முக்கால், இரண்டு மணி நேரம் வரும். டைமரை அந்த அளவுக்கு வையுங்கள். மீதி இரவு போன் தன் பேட்டரியில் ஓடி இரண்டு மூன்று சதவீதம் இறங்கும், அதனால் கெடுதல் இல்லை. அன்று 30க்குப் பதில் 50இல் மாட்டினால் டைமர் 100ஐ ஒட்டி ஏற்றிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், டைமருக்குப் போனின் சதவீதம் தெரியாது. மாட்டும் முன் மீதியைப் பார்த்து நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒன்றுக்கு மட்டும் எந்த அமைப்பையும் தேடாதீர்கள்

போனை மேசைமேல் மல்லாக்க வைத்தால் முன்பு இல்லாதபடி ஆடுகிறது, அல்லது திரையின் ஓரம் சட்டத்திலிருந்து மயிரிழை தூக்கியிருக்கிறது, அல்லது பின்பக்கக் கண்ணாடி நடுவில் மேடாக இருக்கிறது. உள்ளே பேட்டரி உப்பிவிட்டது, சிதைவில் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் தள்ளுகிறது. உடனே சார்ஜரிலிருந்து எடுத்து அணைத்துவிடுங்கள். திரையை அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள், பேட்டரியில் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். தரவை எடுத்துவைக்க இன்னும் ஒருமுறை இயக்க வேண்டும் என்றாலும் சார்ஜ் போடாமல் இருக்கிற பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில் வைத்து, மறுநாளே பேட்டரி மாற்றும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.